வெளிரும் கருமையும் சேர்ந்தால்தான் ஓர் ஆண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில் ஸ்வீடன் நாட்டுப் பனியாற்று ஏரிகளின் அடிச்சேற்றைப் பற்றிய கட்டுரை ஒன்றை வெளியிட்டிருந்தீர்கள். அதிலிருந்த படத்தின் கீழே, "ஒவ்வொரு கோடும் ஓர் ஆண்டு, வெளிர்நிறக் கோடு ஈரமான ஆண்டு, கருநிறக் கோடு வறண்ட ஆண்டு. மர வளையங்களைப் போல எண்ணத் தெரிந்தால் போதும்" என்று அச்சாகியிருந்தது. எண்ணத் தெரிந்தால் போதும் என்ற அந்தச் சொற்களை நான் மூன்று முறை படித்தேன். எண்ணத் தெரிந்திருந்தும் ஒன்றரை மீட்டர் சேற்றை ஒழுங்காக எண்ண முடியாமல் ஒரு கோடைக்காலம் முழுவதும் அவமானப்பட்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

கருங்கோடு வறண்ட ஆண்டு அன்று, அது குளிர்காலம். வெளிர்கோடு கோடைக்காலம். இரண்டும் சேர்ந்த இணைக்குத்தான் 'வார்வ்' என்று பெயர். ஸ்வீடிய மொழியில் அச்சொல்லுக்குச் சுற்று, அடுக்கு என்றெல்லாம் பொருள் உண்டு. கோடையில் பனி உருகும்போது கலங்கல் நீர் ஏரிக்குள் பாய்ந்து நுண்மணலையும் வண்டலையும் கொண்டுவந்து கொட்டுகிறது. பருமனான துகள்கள் உடனே படிந்துவிடும். களிமண் துகள்கள் மட்டும் படியாமல் நீரில் மிதந்துகொண்டே இருக்கும், ஏனென்றால் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கே பருமன் கொண்ட துகள் அத்தகைய குளிர்நீரில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு சாண் ஆழம்தான் இறங்கும். குளிர்காலம் வந்து, உருகுவது நின்று, ஏரியின் மேற்பரப்பு உறைந்து, காற்றும் அலையும் தொட முடியாத அமைதி மாதக்கணக்கில் நீடிக்கும்போதுதான் அந்தக் களி மெல்ல இறங்கிக் கருநிறப் படலமாகிறது. தங்கள் படக்குறிப்பை நம்பி எண்ணும் மாணவர் ஐயாயிரம் ஆண்டுச் சேற்றைப் பத்தாயிரம் ஆண்டு என்று எழுதுவார். தாங்கள் அறியாததல்ல, அச்சுக்குப் போகும் அவசரத்தில் நேர்ந்திருக்கும் என்று பெருந்தன்மையோடு எடுத்துக்கொள்ளவே விரும்புகிறேன்.

அந்தப் பெருந்தன்மைக்கும் ஒரு சோதனை வைத்துவிட்டீர்கள், ஏனென்றால் படமே தலைகீழாக அச்சாகியிருக்கிறது. வண்டலிலிருந்து களிக்கு மாறுவது பெரும்பாலும் படிப்படியாக நடக்கும். களிக்கு மேல் அடுத்த ஆண்டின் முதல் வண்டல் வந்து விழுவதோ திடீரென்று நடப்பது. எனவே கருநிறப் பட்டையின் மேல்விளிம்பு கத்தியால் கீறியது போலத் தெளிவாகவும், கீழ்விளிம்பு மங்கலாகவும் இருக்க வேண்டும். தங்கள் படத்தில் தெளிவான விளிம்பு கீழே இருக்கிறது. போதாததற்கு, வலது ஓரத்தில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு கல் தெரிகிறது. மிதக்கும் பனிக்கட்டி உருகும்போது அதிலிருந்து ஏரியடியில் விழும் கல் தனக்குக் கீழே உள்ள அடுக்குகளை அழுத்திக் குழியாக்கும். பிறகு படியும் அடுக்குகள் அதன் மேல் போர்வை போலக் கவியும். தங்கள் படத்தில் அழுந்திய அடுக்குகள் கல்லுக்கு மேலே இருக்கின்றன. அந்த ஏரியில் கற்கள் கீழிருந்து மேலே விழுந்தன போலும்.

என் அவமானத்தைச் சொல்கிறேன். 1980களில் ஸ்டாக்ஹோமுக்கு வடக்கே ஒரு பழைய செங்கல் சூளையின் களிமண் குழியில் வேலை செய்த குழுவோடு சில வாரங்கள் இருக்கும் வாய்ப்பு கிடைத்தது. குழியின் சுவரைக் கரணையால் மழித்து, காற்றில் அரைகுறையாக உலரும்வரை காத்திருக்க வேண்டும். முழு ஈரத்தில் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். முழுதும் உலர்ந்தால் வெடித்துவிடும். இடையில் ஏதோ ஒரு மணி நேரம், வண்டல் முதலில் வெளுத்து, களி கறுத்தே நிற்கும்போதுதான் கோடுகள் கண்ணுக்குத் தெரியும். நீளமான காகிதப் பட்டையைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து ஒவ்வோர் எல்லையிலும் பென்சிலால் குறித்தேன். ஒன்றரை மீட்டருக்கு 143 ஆண்டுகள் வந்தன. எங்களை மேற்பார்வையிட்ட அம்மையார் அதே சுவரில் 128 எண்ணினார். பிறகு என்னை அழைத்து, நான் குளிர்காலம் என்று குறித்திருந்த ஒரு கருங்கோட்டிலிருந்து நகக்கண் அளவு மண்ணைக் கிள்ளிக் கடித்துப் பார்க்கச் சொன்னார். பல்லில் நறநறவென்றது. உண்மையான குளிர்காலக் களி வெண்ணெய் போல் வழுக்கும். கோடையின் நடுவே வெப்பம் ஏறி இறங்கியதாலோ பெருமழையாலோ வண்டலுக்குள் விழுந்த பொய்க்கோடுகள் அவை. அப்படிப் பதினைந்தை நான் ஆண்டுகளாக்கியிருந்தேன்.

பொய்க்கோடாவது கடித்துப் பார்த்தால் பிடிபடும். காணாமற்போன ஆண்டு பல்லுக்கும் அகப்படாது. ஏரியின் சரிவில் சேறு சறுக்கி ஓடும்போது அடியிலிருந்த நான்கைந்து ஆண்டுகளை வழித்துக்கொண்டு போய்விடும். அந்த இடத்தில் மட்டும் எண்ணுபவருக்கு எதுவும் குறைந்ததாகத் தோன்றாது. பக்கத்துக் குழியோடு ஒப்பிட்டால்தான் குறை தெரியும். இந்த ஒப்பீடுதான் இந்த முறையின் உயிர். தங்கள் கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

ஜெரார்டு டி கீர் என்ற ஸ்வீடிய நிலவியலாளர் 1878இலேயே இந்த அடுக்குகள் மர வளையங்களை நினைவூட்டுவதைக் கண்டார். ஆகவே உவமை தங்களுடையதும் அன்று, தவறானதும் அன்று. ஆனால் உவமையோடு அவர் நின்றுவிடவில்லை. ஒவ்வோர் அடுக்கின் தடிப்பையும் அளந்து வரைபடமாக்கி, தடித்ததும் மெலிந்ததும் மாறிமாறி வரும் அந்த வரிசையை அடுத்த குழியின் வரிசையோடு பொருத்தினார். அடியிலுள்ள முதல் அடுக்கு, பனியுகத்தில் நிலத்தை மூடியிருந்த பெரும்பனிப்பாளம் அந்த இடத்தைவிட்டு விலகிய ஆண்டு. பனி வடக்கே பின்வாங்கியதால், வடக்கிலுள்ள குழியில் கணக்கு சற்றுத் தாமதமாகத் தொடங்கும். ஒரு கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு குழிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மிக மெலிந்த ஓர் அடுக்கு தெற்குக் குழியில் அடியிலிருந்து 11ஆவதாகவும், வடக்குக் குழியில் 6ஆவதாகவும் வந்தால், பனி அந்த ஒரு கிலோமீட்டரை விட்டு விலக ஐந்து ஆண்டுகள் ஆயின, அதாவது ஆண்டுக்கு 200 மீட்டர். 1905ஆம் ஆண்டுக் கோடையில் டி கீர் மாணவர்களைப் பங்கிட்டு அனுப்பி, ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீளத்துக்கு இப்படிக் குழிகுழியாகக் கோத்தார். ஸ்வீடனின் ஆயிரக்கணக்கான ஆண்டுக் கணக்கு ஒரே இடத்தில் ஒருவர் எண்ணியதன்று. ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் நூற்றுக்கணக்கான குட்டைக் கணக்குகளின் சங்கிலி.

மரத்துக்கும் சேற்றுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதற்குப் பிறகுதான் வருகிறது. நிற்கும் மரத்தில் பட்டைக்கு உள்ளே இருக்கும் வளையம் இந்த ஆண்டுடையது என்று தெரியும். அதிலிருந்து பின்னோக்கி எண்ணலாம். வற்றிப்போன ஏரிக்குப் பட்டை இல்லை. அதன் கடைசி ஆண்டு எந்த ஆண்டு என்பதைச் சேறு சொல்லாது. ரக்னர் லிடென் என்பவர் வட ஸ்வீடனின் ஓங்கெர்மான் ஆற்றுப் பள்ளத்தாக்கில், பனி போன பிறகும் ஆற்று முகத்துவாரத்தில் ஆண்டுதோறும் படிந்த அடுக்குகளைக் கொண்டு இந்தக் கணக்கை நிகழ்காலம்வரை இழுத்துவர முயன்றார். பனியின் பாரம் நீங்கியதால் நிலம் உயர்ந்துகொண்டே இருக்கிறது. பழைய அடுக்குகள் கரையேறிவிட்டன, புதியவை நீருக்கடியிலேயே கிடந்தன. எட்டாத அந்தப் பகுதியை அவர் நிலம் உயரும் வேகத்தைக் கொண்டு கணித்து நிரப்பினார். பல பத்தாண்டுகள் கழித்து இங்கெமார் காட்டோ நீருக்கடியிலிருந்து மண் தண்டுகளை எடுத்து எண்ணி, 1987இல் முடிவை வெளியிட்டபோது, கணக்கில் 365 ஆண்டுகளைக் கூட்ட வேண்டியிருந்தது. கரிமக் கணிப்பு போன்ற பிற முறைகளோடு ஒப்பிட்டால் அதற்குப் பிறகும் பல நூறு ஆண்டுகள் குறைவதாகவே தெரிகிறது. எண்ணத் தெரியாதவர்களா இவர்கள்?

ஒப்பீட்டுக்கும் எல்லை உண்டு. டி கீர் தம் முதுமையில் ஸ்வீடனின் வரைபடங்களை வட அமெரிக்காவோடும், நம் இமயமலைப் பகுதியின் அடுக்குகளோடும் கூடப் பொருத்திக் காட்டினார். அதை ஏற்றவர் சிலரே. அவருடைய மாணவரான எர்ன்ஸ்ட் ஆன்ட்டெவ்ஸ் அமெரிக்காவில் தனியாக எண்ணி, அந்தத் தொலைதூரப் பொருத்தங்களை மறுத்தார். ஒரே ஏரியில் ஒரே கோடையை அனுபவித்த இரண்டு குழிகள் ஒத்துப்போவதற்குக் காரணம் உண்டு. இரண்டு கண்டங்களின் கோடைகள் ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. நீண்ட வரிசைகள் கையில் இருந்தால் ஏதாவது ஓர் இடத்தில் ஏதாவது ஒன்று பொருந்தத்தான் செய்யும்.

இவ்வளவு கோபம் ஒரு படக்குறிப்புக்காகவா என்று தாங்கள் கேட்கலாம். நான்கு ஆண்டுகளுக்கு முன் மர வளையங்களைப் பற்றி எழுதியபோது, மரத்தை வெட்டினால்தான் வயது தெரியும் என்று அச்சிட்டீர்கள். பென்சில் தடிமனே உள்ள துளைக்கருவியால் நிற்கும் மரத்திலிருந்தே மாதிரி எடுக்கிறார்கள் என்று எழுதினேன், அக்கடிதம் வெளிவரவில்லை. நம் வெப்பமண்டல மரங்கள் பலவற்றில் ஆண்டு வளையம் தெளிவாக விழுவதில்லை, தேக்கு போன்ற சிலவே விதிவிலக்கு என்று அடுத்த மாதமே எழுதினேன். அது வெளிவந்தது. ஆனால் சுருக்கிய கையில் 'இல்லை' என்ற சொல் விழுந்துவிட்டதால், எல்லா மரங்களிலும் வளையம் தெளிவாக விழும் என்று நான் சொன்னதாக ஆகிவிட்டது. என் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "ஐயா, உடம்பு நலந்தானே?" என்று விசாரித்தார்.

பெரிதாக எதையும் கேட்கவில்லை. அடுத்த இதழில் அதே படத்தை நிமிர்த்தி, ஒரு வெளிர்பட்டையும் அதன் மேலுள்ள கருங்கோடும் சேர்ந்த இணைதான் ஓர் ஆண்டு என்று ஒற்றை வரி திருத்தம் வெளியிட்டால் போதும். இடமில்லாமல் இக்கடிதத்தைச் சுருக்க நேர்ந்தால் டி கீரையும் காட்டோவையும் என் 143ஐயும் தாராளமாக நீக்கிக்கொள்ளுங்கள். 'இணை' என்ற சொல்லை மட்டும் விட்டுவையுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற நிலவியல் ஆசிரியர் ஒருவர்,
கும்பகோணம்.