‘துணையாக’ என்ற சொல் விடுபட்டது: கிரியேட்டினும் மனச்சோர்வும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் உடல்நலப் பகுதியில் சென்ற மாதம் கிரியேட்டின் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். உடற்பயிற்சிக் கூடத்து இளைஞர்கள் பாலிலும் தண்ணீரிலும் கலக்கிக் குடிக்கும் அந்த வெள்ளைப் பொடி மனச்சோர்வையும் குறைக்கக்கூடும் என்ற செய்தியைத் தமிழில் எடுத்துச் சொன்னதற்கு நன்றி. ஆனால் ஆய்வாளர்கள் எழுதியிருந்த ஒரு சொல் கட்டுரையில் விடுபட்டுவிட்டது. அவர்கள் கிரியேட்டினை மனச்சோர்வு மருந்துக்கும் மனநலச் சிகிச்சைக்கும் துணையாகக் கொடுத்துத்தான் சோதித்தார்கள். தங்கள் கட்டுரையோ அது மாத்திரைக்கு ‘மாற்றாக அமையலாம்’ என்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாளையங்கோட்டையில் மருந்துக்கடை நடத்தியவன் என்ற முறையிலும், அந்த ஒரு சொல்லால் எங்கள் குடும்பத்தில் நேர்ந்ததை அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

என் அக்காள் மகள் கல்லிடைக்குறிச்சிக்கு அருகே ஒரு சிற்றூரில் இருக்கிறாள். மனச்சோர்வுக்காக ஐந்து மாதங்களாக எஸ்சிட்டலோபிராம் மாத்திரை சாப்பிட்டு வந்தாள். தூக்கம் சீரடைந்து, விட்டுவிட்டிருந்த தையல் வேலையை மறுபடி தொடங்கியிருந்த நேரம் அது. தங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு ஒரு டப்பா கிரியேட்டின் வாங்கினாள். அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பொடியைத் தொடங்கிய அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டாள். பிறகு நான் கேட்டபோது, “இந்தப் பொடியே போதும்னு போட்டிருக்காங்களே மாமா, இனி மாத்திரை எதுக்கு?” என்றாள்.

மூன்றாம் நாள் தலைசுற்றல் வந்தது. கண்ணைத் திருப்பும்போதெல்லாம் தலைக்குள் மின்சாரம் பாய்ந்ததுபோல ஓர் அதிர்வு, காரணமில்லாத எரிச்சல், விடிய விடியக் கனவு. எஸ்சிட்டலோபிராம் போன்ற மருந்துகளைத் திடீரென நிறுத்துவோரில் பலருக்கு இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் வரும் குறிகள் இவை. வீட்டார் பொடியின் பக்க விளைவு என்று எண்ணிப் பொடியை நிறுத்தினார்கள். மாத்திரையை யாரும் நினைக்கவில்லை. ஒரு வாரம் கழித்து மருத்துவரிடம் அழைத்துப் போன பிறகுதான் காரணம் தெரிந்தது. மாத்திரை மீண்டும் தொடங்கப்பட்டது. குறிகள் இரண்டு மூன்று நாட்களில் அடங்கின. பொடி வேண்டுமானால் மாத்திரையுடன் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம் என்று மருத்துவரே அனுமதி கொடுத்தார்.

கட்டுரைக்கு ஆதாரமான முதன்மை ஆய்வைப் பொறுமையாகப் பார்த்தால் அந்தச் சொல்லின் எடை விளங்கும். தென் கொரியாவில் நடந்த அந்த ஆய்வு 2012-ஆம் ஆண்டு அமெரிக்க மனநல மருத்துவ ஆய்விதழில் வெளியானது. மனச்சோர்வு நோயுள்ள 52 பெண்கள் அதில் சேர்ந்தார்கள். 52 பேருக்கும் எஸ்சிட்டலோபிராம் கொடுக்கப்பட்டது. அவர்களில் 25 பேருக்கு அதனுடன் நாளுக்கு 5 கிராம் கிரியேட்டினும், மற்ற 27 பேருக்கு அதே தோற்றமுள்ள வெற்று மருந்தும் சேர்க்கப்பட்டன. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, நோயின் கடுமைக்கு மதிப்பெண் போடும் மருத்துவருக்கும் தெரியாது. இரண்டாம் வாரத்திலேயே கிரியேட்டின் பெற்றவர்களின் மதிப்பெண் கூடுதலாகக் குறையத் தொடங்கியது. எட்டாம் வார முடிவில் நோய்க்குறிகள் ஏறக்குறைய முழுவதும் நீங்கியவர்கள் ஒரு பக்கம் 52 விழுக்காடு, மறுபக்கம் 26 விழுக்காடு.

இந்த ‘இரு மடங்கு’தான் தங்கள் கட்டுரையின் தலைப்பில் இடம்பெற்றது. விழுக்காட்டை ஆட்களாக மாற்றிப் பார்த்தால், 25 பேரில் 13 பேர், 27 பேரில் 7 பேர். வேறுபாடு முழுவதும் ஆறேழு பெண்களின் தோளில் நிற்கிறது. மேலும் கிரியேட்டின் பிரிவில் 8 பேரும் மற்றதில் 5 பேரும் எட்டு வாரத்தை முடிக்கவே இல்லை. இவ்வளவு சிறிய கூட்டத்தில் மூன்று பேர் வேறு விதமாக இருந்திருந்தால் கணக்கு மாறியிருக்கும். அந்த ஆய்வாளர்கள் பிழை செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. மிக நேர்த்தியான ஆய்வு அது. ஆனால் அது கேட்ட கேள்வி குறுகலானது. மருந்து அன்றுதான் தொடங்கும் ஒரு பெண்ணுக்குக் கிரியேட்டினும் சேர்ந்தால் குணம் விரைவாக வருமா என்பதே அந்தக் கேள்வி. ஐந்து மாதமாக மருந்தால் நன்றாக இருப்பவள் மருந்தை விட்டுவிட்டுப் பொடிக்கு மாறலாமா என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. மருந்தில்லாமல் கிரியேட்டின் மட்டும் பெற்ற ஒருவர்கூட அந்த ஆய்வில் கிடையாது.

2025-இல் வெளியான இந்திய ஆய்வையும் கட்டுரை குறிப்பிட்டிருந்தது. அங்கும் அதே அமைப்புதான். 100 பேருக்கும் எட்டு வாரம் அறிதிறன் நடத்தைச் சிகிச்சை எனும் பேச்சுவழிச் சிகிச்சை நடந்தது. பாதிப்பேருக்கு அதனுடன் 5 கிராம் கிரியேட்டின், மீதிப்பேருக்கு வெற்று மருந்து. 27 வரை போகும் வினாப்பட்டியல் மதிப்பெண்ணில் கிரியேட்டின் பிரிவினர் ஏறத்தாழ 5 புள்ளி கூடுதலாக இறங்கினார்கள். மனம் மகிழும்படியான முடிவு. இருந்தாலும் ஆய்வாளர்களே அதை முன்னோட்ட ஆய்வு என்றுதான் தலைப்பில் எழுதினார்கள். அதே 2025-இல் பிரிட்டிஷ் ஊட்டச்சத்து இதழில் 11 ஆய்வுகளை, மொத்தம் 1093 பேரை, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தவர்கள் கிடைத்த பயனை மருத்துவர் பயன்படுத்தும் ஹாமில்டன் அளவுகோலில் இரண்டு புள்ளிக்குச் சற்று மேல் என்று கணக்கிட்டார்கள். நோயாளி உணரக்கூடிய மாற்றத்துக்கு அந்த அளவுகோலில் மூன்று புள்ளியாவது வேண்டும் என்று அவர்கள் கொண்டார்கள். சான்றின் உறுதியும் மிகக் குறைவு என்று எழுதினார்கள். பயனே தெரியாத சிறு ஆய்வுகளும் உண்டு. இவற்றையும் சொல்லியிருந்தால் கட்டுரையின் மதிப்பு குறைந்திருக்காது.

இது வேலை செய்யக்கூடும் என்று எதிர்பார்ப்பதற்கு நியாயமான காரணம் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். உயிரணுக்கள் செலவழிக்கும் ஆற்றலுக்கு ஏடிபி என்று பெயர். அது தீரும் கணத்தில் உடனே நிரப்பிக் கொடுக்கும் இருப்புதான் கிரியேட்டினிலிருந்து உண்டாகும் பாஸ்போகிரியேட்டின். தசைக்கு மட்டுமன்றி மூளைக்கும் அந்த இருப்பு உண்டு. மனச்சோர்வில் மூளையின் ஆற்றல் நிர்வாகம் தளர்கிறது என்ற கருத்திலிருந்தே இந்த ஆய்வுகள் பிறந்தன.

இங்கே எங்கள் பக்கத்துச் சைவ வீடுகளுக்காக ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் என் அக்காளே முதலில் கேட்ட கேள்வி அது. கிரியேட்டின் இறைச்சியிலும் மீனிலும் இருப்பது. ஒரு கிலோ பச்சை மீனில் மூன்று முதல் ஐந்து கிராம் அளவில் கிடைக்கும். ஆனால் டப்பாவில் வருவது ஆலையில் வேதிப்பொருட்களிலிருந்து செய்யப்படுவது, விலங்கிலிருந்து எடுப்பதில்லை. பொடியாக வாங்கினால் சைவத்துக்கு இடையூறில்லை. கேப்ஸ்யூலாக வாங்கினால் அதன் கூடு ஜெலட்டினா என்று பார்க்க வேண்டும். சைவ உணவினரின் தசையில் கிரியேட்டின் குறைவு என்பது உண்மைதான். ஆனால் நம் ஈரலும் சிறுநீரகமும் அன்றாடம் அதைச் செய்கின்றன, மூளையும் தனக்கு வேண்டியதைச் செய்துகொள்கிறது. மூளையில் அளந்து பார்த்த ஆய்வில் சைவருக்கும் அசைவருக்கும் வேறுபாடு தெரியவில்லை. ஆகவே மரக்கறி உண்பதால்தான் மனம் சோர்கிறது என்று யாரும் கலங்க வேண்டியதில்லை.

எங்கள் கதை அத்துடன் முடியவில்லை. மருத்துவர் அனுமதியுடன் பொடியை மாத்திரையோடு சேர்த்து எடுக்கத் தொடங்கி ஒன்றரை மாதம் ஆனபோது, வேறொரு காரணத்துக்காக இரத்தம் கொடுத்தாள். சிறுநீரகப் பரிசோதனையில் பார்க்கும் ‘கிரியேட்டினின்’ என்ற கழிவுப்பொருளின் அளவு 0.8-இலிருந்து 1.1-க்கு ஏறியிருந்தது; அறிக்கையில் அந்த எண் தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தது. ஆய்வகத்தில் இருந்தவர் சிறுநீரகம் கெட்டுவிட்டதாகச் சொல்ல, வீடு முழுவதும் அன்றிரவு சாப்பிடவில்லை. கிரியேட்டின், கிரியேட்டினின் என்ற இரு பெயர்களும் ஓர் எழுத்தில்தான் வேறுபடுகின்றன. முதலாவது உடலில் தானாகச் சிதைந்து இரண்டாவதாக மாறிச் சிறுநீரில் வெளியேறுகிறது. ஆகவே பொடி சாப்பிடுபவருக்குச் சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் இரத்தத்தில் கிரியேட்டினின் சற்று ஏறலாம். மருத்துவர் பொடியை மூன்று வாரம் நிறுத்திவிட்டு மறுபடி பார்க்கச் சொன்னார், எண் 0.8-க்கே திரும்பியது, சிறுநீரில் புரதமும் இல்லை. ஐயம் தீராதபோது சிஸ்டாட்டின் சி என்ற வேறொரு பரிசோதனையும் உண்டு, அதைக் கிரியேட்டின் பொடி குழப்புவதில்லை. இரத்தம் கொடுக்கும் முன் “கிரியேட்டின் சாப்பிடுகிறேன்” என்று சொல்லியிருந்தால் அந்த இரவு எங்களுக்கு நேர்ந்திருக்காது. ஆனால் முன்பே சிறுநீரக நோய் உள்ளவர்களும், லித்தியம் என்ற மனநல மருந்தை உண்பதால் சிறுநீரகத்தை அடிக்கடி சோதிக்க வேண்டியவர்களும் எண் ஏறியதைப் பொடியின் மேல் போட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது.

கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாத ஆபத்து ஒன்று உண்டு. இருதுருவ மனநோய் உள்ளவர்களுக்குச் சோர்வு ஒரு பருவம், அளவுகடந்த எழுச்சி மறு பருவம். 2007-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் கிரியேட்டின் எடுத்த 10 பேரில் இருவருக்கு இந்நோய். இருவருக்குமே எழுச்சி நிலை வந்துவிட்டது. பின்னர் பிரேசிலில் இருதுருவ நோயாளிகள் 35 பேரை வைத்து நடந்த ஆய்விலும் கிரியேட்டின் பெற்றவர்களில் இருவருக்கு அதுவே நேர்ந்தது. எண்ணிக்கை சிறியதுதான். ஆனாலும் பொடி தொடங்கியபின் ஒருவர் மூன்று மணி நேரம் தூங்கிவிட்டுக் களைப்பே இல்லை என்று சொன்னாலோ, பேச்சு ஓயாமல் ஓடினாலோ, கையிலிருக்கும் பணத்தைக் கணக்கின்றி இறைத்தாலோ, மனம் தேறிவிட்டது என்று வீட்டார் மகிழாமல் பொடியை நிறுத்தி அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். குடும்பத்தில் எவருக்கேனும் இந்நோய் இருந்திருந்தால் அதைத் தொடங்குமுன்பே சொல்ல வேண்டும்.

அளவைப் பற்றியும் ஒரு சொல். ஆய்வுகளில் பெரிதும் கொடுக்கப்பட்டது நாளுக்கு 5 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி. உடற்பயிற்சிக் கூடத்தில் முதல் வாரம் 20 கிராம் எடுக்கச் சொல்லும் பழக்கத்துக்கு மேற்சொன்ன ஆய்வுகளில் இடமில்லை, வயிற்றுப்போக்குதான் மிஞ்சும். உடலில் நீர் சேர்ந்து ஒரு கிலோ எடை கூடுவது இயல்பு. காஃபீன் கலந்த கலவைப் பொடிகளைத் தூக்கம் கெட்டிருக்கும் ஒருவருக்குக் கொடுப்பது தகாது; உறையில் ‘கிரியேட்டின் மோனோஹைட்ரேட்’ என்பது மட்டும் எழுதியிருப்பதை வாங்க வேண்டும்.

என் மருமகள் இன்று மாத்திரையைத் தொடர்கிறாள். பொடி வேண்டாம் என்பது அவளே எடுத்த முடிவு. தங்கள் இதழைத் தாமிரபரணிக் கரை ஊர்களில் எத்தனையோ வீடுகளில் வாய்விட்டுப் படிக்கிறார்கள். எனவே அடுத்த இதழில் அதே பகுதியில், அதே அளவு எழுத்தில், ‘மாற்றாக’ என்பதை ‘துணையாக’ என்று திருத்தியும், மனச்சோர்வு மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்ற ஒரு வரியைச் சேர்த்தும் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
பாளையங்கோட்டை, திருநெல்வேலி.