விவாத உரையின் கடைசி அரை நிமிடம்

மேலூர்

அன்பு மகளுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் மாணவியின் விவாத உரையைப் படித்தேன். வைகையைக் காக்கும் பொறுப்பு அரசுக்கே உரியது என்று ஒட்டிப் பேசுகிறாள், வாதங்களில் குறையில்லை. ஆனால் "இறுதியாக" என்று ஒரு பத்தி தொடங்கி, அது முடிந்ததும் "சுருங்கச் சொன்னால்" என்று இன்னொன்று வருகிறது; அதற்குள் மணல் கொள்ளை பற்றிய புது வாதமும் நுழைந்துவிட்டது. "இறுதியாக" என்று கேட்டதுமே நடுவர்கள் பலர் குறிப்பெடுப்பதை விட்டுவிட்டு மதிப்பெண்ணைக் கூட்டத் தொடங்கிவிடுவார்கள். நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன்தான். ஆகவே மணல் வாதம் உரையின் நடுப்பகுதிக்குப் போகட்டும்.

"நிறைவாக", "முத்தாய்ப்பாக" என்று சொல்லை மட்டும் மாற்றுவதில் பயனில்லை. எதிரணியோடு மோதும் இடத்துக்கே அவள் நேராகப் போய்விட்டால், உரை முடியப்போகிறது என்பது தானாகவே விளங்கும். இப்படிச் சொல்லிப் பார்க்கட்டும்: "நடுவர் அவர்களே, ஆற்றில் குப்பை கொட்டுவது மக்கள்தான் என்கிறது எதிரணி, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கழிவுநீர் ஆற்றில் கலக்காமலிருக்கப் பாதாளச் சாக்கடையும் சுத்திகரிப்பு நிலையமும் வேண்டுமே, அவற்றை எந்தத் தெருக்காரர் கட்டுவார்? இந்தக் கேள்விக்கு எதிரணியிடமிருந்து பதில் வரவில்லை. பொறுப்பு அரசுடையது."

"பதில் வரவில்லை" என்பதை மனப்பாடமாக ஒப்பித்துவிடக் கூடாது. எதிரணி உண்மையிலேயே பதில் சொல்லியிருந்தால் அந்த ஒரு வாக்கியமே அவளுடைய மதிப்பெண்ணைக் குறைத்துவிடும்; அப்போது "அவர்கள் சொன்ன பதிலையே ஏற்றுக்கொண்டாலும்" என்று தொடங்கி, அந்தப் பதில் எங்கே போதவில்லை என்று காட்ட வேண்டும். முதல் பேச்சாளராக ஏறினால், "எனக்குப் பின் வரும் எதிரணி நண்பர்கள் இதற்கு விடை சொல்லட்டும்" என்று கேள்வியை அவையில் விட்டுவிட்டு இறங்கலாம்.

கடைசி வாக்கியத்தை மட்டும் சொல் மாறாமல் மனப்பாடம் செய்யட்டும். அது மூன்று நான்கு சொற்களுக்கு மேல் போகக் கூடாது. நம் மொழியில் வினைமுற்று கடைசியில்தான் வருகிறது. நீண்ட வாக்கியத்தின் நடுவே மணி அடித்துவிட்டால், பிள்ளை "வேண்டும்" என்கிறதா "வேண்டாம்" என்கிறதா என்பதே அவைக்குத் தெரியாமல் போய்விடும். எச்சரிக்கை மணி கேட்டதும், பேசிக்கொண்டிருக்கும் வாக்கியத்தை முடித்துவிட்டு நேரே "நடுவர் அவர்களே" என்று மேலே சொன்ன பகுதிக்கு வந்துவிட வேண்டும். "வாய்ப்பளித்த அனைவருக்கும் நன்றி கூறி விடைபெறுகிறேன்" என்ற நீட்டலும் தேவையில்லை. "நன்றி, வணக்கம்" போதும்.

ஆங்கிலப் பிரிவில் பேசும் பையனும் "இன் கன்க்ளூஷன்", "டு சம் அப்" இரண்டையும் விட்டுவிட்டு, "தி அதர் சைட் ஹேஸ் நாட் டோல்ட் அஸ்" என்று தொடங்கி, எதிரணி விட்ட இடத்தைச் சொல்லி முடிக்கலாம். அங்கேயும் அது உண்மையாக இருக்க வேண்டும்.

எதிரணி பதில் சொன்னால் ஒன்று, சொல்லாவிட்டால் ஒன்று என முடிவுரையை இரண்டு விதமாக எழுதச் சொல்லி எனக்கு அனுப்பு, திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா