தை மாதக் கல்யாணத்துக்கு ஒரு கணக்குத்தாள்

பெரம்பூர், சென்னை

அன்புள்ள ராமு,

உன் மகளுக்குத் தை மாதம் முகூர்த்தம் குறித்துவிட்டீர்கள் என்ற செய்தி கிடைத்தது. மாப்பிள்ளை வீடு குரோம்பேட்டை, கல்யாணம் சென்னையில் என்பதால் திருச்சியிலிருந்து நீ அலைய வேண்டியிருக்கும். எங்கள் வீட்டில் தங்கித்தான் எல்லா வேலையையும் பார்க்க வேண்டும், வேறு பேச்சு வேண்டாம். என் முழங்கால் இப்போது பரவாயில்லை. மாடிப்படி ஏறுகிறேன்.

ஆவணியில் நடந்த எங்கள் வீட்டுக் கல்யாணத்தின் வரவு செலவைக் கேட்டிருந்தாய். வரவை விட்டுவிடு. மொய்யைத் தனி நோட்டில் எழுதியிருக்கிறோம், அது திருப்பிச் செய்ய வேண்டிய கடன். நகையையும் இதில் சேர்க்கவில்லை. தங்கம் ஏறி இறங்கும் வேகத்தில் மற்ற வரிகளின் ஏற்றத்தாழ்வெல்லாம் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். மீதியைக் கீழே தருகிறேன். வேறுபாடு என்பது உண்மைச் செலவிலிருந்து மதிப்பீட்டைக் கழித்தது. கூட்டல் குறி இருந்தால் கை மீறியது, கழித்தல் குறி இருந்தால் மிச்சம்.

| இனம் | மதிப்பீடு (ரூ.) | உண்மைச் செலவு (ரூ.) | வேறுபாடு (ரூ.) |
|---|---|---|---|
| மண்டபம், மின்சாரம், துப்புரவு | 2,50,000 | 2,81,500 | +31,500 |
| சாப்பாடு | 4,39,000 | 4,99,600 | +60,600 |
| புடவை, துணிமணி | 1,80,000 | 1,66,000 | −14,000 |
| மேடை அலங்காரம், பூ | 90,000 | 1,08,000 | +18,000 |
| புகைப்படம், வீடியோ | 1,10,000 | 1,10,000 | 0 |
| பத்திரிகை, தாம்பூலப் பை | 60,000 | 57,500 | −2,500 |
| நாதஸ்வரம், புரோகிதர் | 55,000 | 58,000 | +3,000 |
| மொத்தம் | 11,84,000 | 12,80,600 | +96,600 |

எதிர்பாராச் செலவுக்கென்று 60,000 ரூபாய் தனியாக ஒதுக்கியிருந்தோம். அது போக 36,600 ரூபாய் கையிலிருந்து போனது. அந்த 60,000-ஐ வேண்டுமென்றேதான் பட்டியலுக்குள் ஒரு வரியாகச் சேர்க்கவில்லை. சேர்த்தால், எந்த இனம் மீறினாலும் 'அதில் எழுதிக்கொள்' என்பார்கள். பிறகு மீறிய இனமெல்லாம் மதிப்பீட்டுக்குள் அடங்கியதுபோல் நிற்கும்.

அம்பத்தூர் தொழிற்சாலையில் அடக்கவிலைக் கணக்குப் பார்த்தே தலை நரைத்தவன் நான் என்பது உனக்குத் தெரியும். கடைசிப் பத்தியைப் பார்த்து எவனும் எதையும் கற்றுக்கொண்டதில்லை. 60,600 கூடியது என்றால், ஆட்கள் கூடினார்களா, இலை விலை கூடியதா? இரண்டுக்கும் மருந்து வேறு. அதனால் சாப்பாட்டு வரியை மட்டும் பிரித்துக் காட்டுகிறேன், உனக்கு அதுதான் உதவும்.

இலை விலையை வரி சேர்த்தே பேசிக்கொண்டோம். முதல் நாள் மாலை வரவேற்பு விருந்துக்கு 500 இலை, இலைக்கு 450 ரூபாய். மதிப்பீடு 2,25,000. நடந்தது 580 இலை, இலைக்கு 480 ரூபாய். பில் 2,78,400. வேறுபாடு 53,400. இதில் எண்ணிக்கையால் வந்தது எவ்வளவு என்று பார்க்க, கூடுதலாக வந்த 80 இலையைப் பழைய விலையால் பெருக்கு: 36,000. விலையால் வந்தது, இலைக்கு ஏறிய 30 ரூபாயை உண்மையில் விழுந்த 580 இலையால் பெருக்கு: 17,400. இரண்டையும் கூட்டினால் 53,400 சரியாக வரும்.

கணினியில் போடுவதானால், B பத்தியில் மதிப்பிட்ட எண்ணிக்கை, C-யில் மதிப்பிட்ட விலை, D-யில் உண்மை எண்ணிக்கை, E-யில் உண்மை விலை. பிறகு இந்த இரண்டு சூத்திரங்கள் போதும். முதலாவது எண்ணிக்கைக்கு, இரண்டாவது விலைக்கு:

```
=(D2-B2)*C2
=(E2-C2)*D2
```

அந்த 30 ரூபாய் எங்கிருந்து வந்தது? கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு இன்னொரு இனிப்பும் ஐஸ்கிரீமும் சேர்க்க வேண்டும் என்று வீட்டில் முடிவானது. முப்பது ரூபாய்தானே என்று எல்லோரும் சொன்னார்கள். 500 இலைக்குப் பதினைந்தாயிரம் என்று கணக்குப் போட்டுத்தான் தலையாட்டினோம். மீதி 2,400, எதிர்பாராமல் வந்த 80 பேரும் அந்த ஐஸ்கிரீமைச் சாப்பிட்டதால் வந்தது. இந்த 2,400-ஐ எண்ணிக்கையின் தலையில் போடுவதா விலையின் தலையில் போடுவதா என்று கணக்கர்கள் சண்டை போடுவார்கள். வழக்கம் விலையின் தலையில் போடுவது. நானும் அப்படியே போட்டேன்.

580 என்பது ஒப்பந்தக்காரர் சொன்ன எண் மட்டுமல்ல. சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பந்திக்கு 150 பேர். என் மைத்துனர் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மூன்று பந்தி நிறைந்தது, நான்காவது பந்தியில் 130 பேர். கணக்கு ஒத்துப்போனது. இலைக்கட்டை எண்ணித்தான் பில் போடுவார்கள். கிழிந்த இலையும் மாற்றிப் போட்ட இலையும் அதில் சேர்ந்துவிடும். உன் பக்கத்திலிருந்து ஒருவர் பந்தியை எண்ணியே ஆக வேண்டும்.

காலைச் சிற்றுண்டியில் விவகாரம் இல்லை. 300 பேருக்குப் பதில் 340 பேர், தலைக்கு 180 ரூபாய், 7,200 கூடுதல். முழுவதும் எண்ணிக்கைதான்.

இனி மதியச் சாப்பாடு. 400 இலை, இலைக்கு 400 ரூபாய், மதிப்பீடு 1,60,000. பில்லும் 1,60,000. வேறுபாடு சுழி. என் சம்பந்தி இந்த வரியைக் காட்டி, "இது ஒன்றுதான் சரியாகப் போட்டது" என்று மகிழ்ந்தார். மொத்தப் பட்டியலிலும் மோசமான வரி அதுதான் ராமு. உண்மையில் சாப்பிட்டவர்கள் 310 பேர். 400 இலைக்கு உத்தரவாதம் கொடுத்திருந்ததால், ஆள் வந்தாலும் வராவிட்டாலும் 400-க்குப் பணம் கொடுக்க வேண்டும். 90 இலை விழவே இல்லை, 36,000 ரூபாய். மாலையில் கூடுதலாக வந்த 80 பேருக்கு ஆன தொகையும் இதே 36,000. ஒரு பக்கம் ஆளுக்குப் பணம், மறுபக்கம் ஆளில்லாததற்குப் பணம். அதனால் சாப்பாட்டுக்கு மட்டும் 'உத்தரவாதம்', 'சாப்பிட்டவர்' என்று இரண்டு பத்திகள் கூடுதலாக வேண்டும். மிஞ்சிய சாதமும் கறியும் பக்கத்து முதியோர் இல்லத்துக்குப் போனது, அந்த மட்டில் நிம்மதி.

ஏன் இப்படி ஆனது என்றால், முகூர்த்தம் வேலை நாளில் விழுந்தது. சென்னையில் அலுவலகத்துக்காரர்கள் எல்லோரும் வரவேற்புக்கு வந்துவிடுகிறார்கள். தாலி கட்டும்போது வருகிறவர்களும் அட்சதை போட்டு, இட்லி பொங்கல் சாப்பிட்டு, ஒன்பது மணிக்குள் ரயிலைப் பிடிக்கப் போய்விடுகிறார்கள். மதியம் தங்குவது நெருங்கிய உறவும் வெளியூர்க்காரர்களும்தான். ஆகவே பத்திரிகைப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மாலை, காலை, மதியம் என்று மூன்று கட்டம் போட்டு, எத்தனை தலை என்று எழுது. ஒரே எண்ணை மூன்று வேளைக்கும் பெருக்காதே. மதியத்துக்கு உத்தரவாதத்தைக் குறைத்துக் கொடுத்து, கூடினால் எத்தனை இலை வரை அதே விலைக்குச் சமாளிப்பார்கள் என்று எழுதி வாங்கிக்கொள்.

பூவின் கதை நேர் எதிர். மாலை, சரம், மேடை எல்லாம் பேசிய அளவேதான், விலை மட்டும் ஏறியது. ஆடியில் கல்யாணம் கிடையாது, பூ மலிவு. அப்போது கேட்ட விலை அது. ஆவணி முகூர்த்த நாளில் கோயம்பேட்டில் விலையே வேறு. நூற்றுக்கு இருபது ஏறிவிட்டது. சதவீதத்தில் பட்டியலிலேயே பெரியது இதுதான், ரூபாயில் பார்த்தால் சாப்பாட்டின் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. உனக்கு இது இன்னும் கடினம். மார்கழி, தைப் பனியில் மல்லிகை வரத்து குறைந்து விலை எகிறும். இப்போது யாராவது விலை சொன்னால் அது தை மாத விலையா என்று கேள். மேடைக்கு மல்லிகை வேண்டாம், சாமந்தியும் சம்பங்கியும் போதும் என்று உன் வீட்டில் சம்மதிப்பார்களா பார்.

மண்டபத்தில் வாடகை மாறவில்லை. மீறிய 31,500-ம் மின்சாரமும் ஜெனரேட்டர் டீசலும்தான். அலங்காரக்காரர்கள் முதல் நாள் காலை முதலே ஏசியை ஓடவிட்டுத்தான் வேலை செய்தார்கள். சாவி வாங்கும்போதும் கொடுக்கும்போதும் மீட்டரைப் படம் எடுத்துக்கொள். வாடகைக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, சொல்லும் தொகையில் அது அடங்குமா என்று முதலிலேயே கேட்டுவிடு. முன்வைப்புத் தொகை திரும்பி வருவது, அதைச் செலவில் எழுதக்கூடாது. என் தம்பி மகன் எழுதிவிட்டு, மண்டபம் பெரிய அளவில் மீறிவிட்டது என்று ஒரு மாலை முழுவதும் வீட்டைக் கலக்கினான்.

புடவையில் மிச்சமானது எங்கள் சாமர்த்தியம் அல்ல. அம்மாவின் கூறைப்புடவையையே ஒரு சடங்குக்குக் கட்டிக்கொள்கிறேன் என்று பெண் சொல்லிவிட்டாள், ஒரு பட்டு குறைந்தது. பத்திரிகையை ஆண்டர்சன் தெருவில் அடித்தோம். நீயும் அங்கேயே போ.

கல்யாணத்துக்கு முன்பே இந்தத் தாளைப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. கொடுத்த முன்பணத்தை உண்மைச் செலவுப் பத்தியில் போட்டால் எல்லா வரியிலும் பெரிய மிச்சம் தெரியும். அது பொய். முன்பணத்துக்குத் தனிப் பத்தி வைத்துக்கொள், பில் முடிந்த பிறகே உண்மைச் செலவை நிரப்பு. அதுவரை வேறுபாட்டுக் கட்டம் காலியாகவே இருக்கட்டும். இன்னொன்று, ஐஸ்கிரீம் சேர்த்தவுடன் மதிப்பீட்டையே 480 என்று திருத்தச் சொல்லி வீட்டில் கேட்பார்கள். திருத்தாதே. திருத்தினால் அந்த 17,400 எங்கே போனது என்று கடைசியில் யாருக்கும் தெரியாது. ஓரத்தில் தேதி போட்டுக் குறிப்பு எழுது.

உன் பத்திரிகைப் பட்டியலின் முதல் வரைவை, மூன்று கட்டங்களோடு, வருகிறபோது எடுத்துவா. குரோம்பேட்டைக்காரர்கள் எத்தனை பேர் என்று அவர்களிடமே கேட்டு எழுது, நீயாக ஊகிக்காதே. சமையல் ஒப்பந்தக்காரர் இரண்டு பேரிடம் பேசி வைக்கிறேன். கமலாவுக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு.

உன்
சுந்தரம்