திருத்திய வரியில் ஒரு சொல்லை மாற்றினாலும் திருப்பி அனுப்புங்கள்: விளம்பரப் பிரிவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய விளம்பரப் பிரிவினருக்கு,

வணக்கம். காலணி விளம்பரம் வெளியான பின் நடந்தவற்றை நீங்கள் அறிவீர்கள். மெய்ப்புப் பார்த்தவள் என்ற முறையில், அந்த ஒரு வரியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

என்னிடம் வந்த வரி, “குழந்தைகளுக்கு தரமானக் காலனிகளை தேர்ந்தெடுங்கள்”. காலனி என்றால் குடியிருப்பு. காலில் அணிவது காலணி. ‘கு’, ‘ஐ’ ஆகிய உருபுகளுக்குப் பின் வல்லினம் மிகும். ‘தரமான’ என்னும் பெயரெச்சத்துக்குப் பின் மிகாது. எனவே, “குழந்தைகளுக்குத் தரமான காலணிகளைத் தேர்ந்தெடுங்கள்” என்று திருத்தி அனுப்பினேன்.

வெளியானதோ, “குழந்தைகளுக்குத் மென்மையான காலணிகளைத் வாங்க லாம்”.

எனக்குத் தெரிவிக்காமல் இரண்டு சொற்களை மாற்றியிருக்கிறீர்கள். ‘குழந்தைகளுக்கு’ என்பதோடு நான் சேர்த்த ‘த்’, அடுத்து வந்த ‘தரமான’ என்ற சொல்லுக்காக வந்தது. அந்தச் சொல் போய் ‘மென்மையான’ வந்ததும் ஒற்றும் போயிருக்க வேண்டும். ‘வாங்கலாம்’ என்பதற்கு முன்னும் அப்படியே. ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாகச் சோதிக்கும் பிழைதிருத்தி இதைக் காட்டாது; ‘காலணிகளைத்’ என்பது தனியே நின்றால் சரியான வடிவம்தான். ‘வாங்க லாம்’ பிரிந்த காரணமும் எனக்குத் தெரிகிறது: குறுகலான படத்துக்காகச் சொல்லை இரண்டு வரியாக உடைத்தவர், அகலமான படத்துக்கு மீண்டும் ஒரே வரியாக்கியபோது இடைவெளியை நீக்கவில்லை. ‘லாம்’ என்றொரு தனிச்சொல் தமிழில் இல்லை.

“இதைத் திருத்தியவருக்குத் தமிழ் தெரியுமா?” என்ற கேள்வி என்னிடம்தான் வந்தது. நான் திருத்தாத வரிக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அதனால் கேட்கிறேன்: திருத்திய பிறகு ஒரு சொல்லை மாற்றினாலும் வரியைத் திருப்பி அனுப்புங்கள். ஆங்கில வரியில் ஓர் எழுத்து மாறினாலும் மீண்டும் ஒப்புதல் பெறுகிறீர்கள். தமிழ் வரியை மட்டும் யார் வேண்டுமானாலும் எந்த நேரத்திலும் தொடலாம் என்ற வழக்கம் எப்படி வந்தது? வெளியிடுவதற்குப் பத்து நிமிடம் முன்பு, எழுத்தாக அனுப்பாமல் படமாக அனுப்பிவிட்டு, “ஒருமுறை பார்த்துவிடுங்கள்” என்கிறீர்கள். பிழையைக் கண்டாலும் அப்போது யாரும் படத்தைப் பிரித்துத் திருத்துவதில்லை.

அவசரத்தில் எனக்கு அனுப்ப இயலாவிட்டால், தமிழ் படிக்கத் தெரிந்த எவரும் இதையாவது செய்யலாம். க், ச், த், ப் என்று முடியும் தமிழ்ச் சொல்லைக் கண்டால், அடுத்த சொல் அதே வரிசை எழுத்தில் தொடங்குகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த ஒற்று பிழையாக நிற்கிறது. விடுபட்ட ஒற்றையும் ‘தரமானக்’ போன்ற மிகையையும் இந்தச் சோதனை பிடிக்காது. அதற்கு இலக்கணம் அறிந்தவர்தான் பார்க்க வேண்டும்.

படத்தில் ஏற்றுவதற்கு முன் எழுத்தாக ஒருமுறையும், ஏற்றிய பின் ஒவ்வோர் அளவுக்குமான படமாக ஒருமுறையும் எனக்கு அனுப்புமாறும், இடையில் ஒரு சொல் மாறினாலும் வரியைத் திருப்பி அனுப்புமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மெய்ப்புத் திருத்துநர்