கடன் வாங்கிப் பங்கு வாங்கப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

போனில் பேசினால் "சரிக்கா, பார்க்கலாம்" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். இதே யோசனையோடு என் மேசைக்கு முன்னால் வந்து உட்காரும் பையன்களும் இருக்கிறார்கள். வங்கியில் கடன் பிரிவில் இருப்பவள் நான். விண்ணப்பத்தில் "வீட்டு மராமத்து" என்று எழுதியிருப்பார்கள், போன் திரையில் பங்கு விலை ஓடிக்கொண்டிருக்கும். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

ஷேர் மார்க்கெட் என்றாலே சூதாட்டம் என்று அப்பா சொல்வதை நான் சொல்ல வரவில்லை. எனக்கே மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் ஒரு தொகை எஸ்ஐபியாகப் போகிறது. என் சண்டை அந்தக் கடனோடு மட்டும்தான்.

நீ சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்வோம். 5 லட்சம் பர்சனல் லோன், 14 சதவீத வட்டி, 5 வருடம். ஆப்பில் ஏற்கெனவே அனுமதி ஆகிக் கிடக்கிறது, பட்டனைத் தட்டினால் போதும் என்றாய். தட்டினால் கணக்கில் 5 லட்சம் வராது. செயலாக்கக் கட்டணம் 2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஜிஎஸ்டியோடு சேர்த்து 11,800 ரூபாய் முதலிலேயே போய்விடும். கைக்கு வருவது 4,88,200. ஆனால் வட்டி ஓடுவது முழு 5 லட்சத்துக்கும். மாதத் தவணை சுமார் 11,630. அறுபது மாதத்தில் நீ கட்டி முடிப்பது ஏறக்குறைய 6 லட்சத்து 98 ஆயிரம்.

"ஷேர் அதைவிட ஏறிவிடும்க்கா" என்கிறாய். சரி, ஏறட்டும். மாதம் 1 சதவீதம் வீதம், ஒரு மாதம்கூட இறங்காமல் ஏறுவதாகவே வைத்துக்கொள்வோம். உன் 4,88,200 ஐந்து வருடத்தில் சுமார் 8 லட்சத்து 87 ஆயிரம் ஆகும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தவணையை அந்தப் பங்குகளா கட்டுகின்றன? உன் சம்பளம்தானே கட்டுகிறது? அதே 11,630 ரூபாயைக் கடனே இல்லாமல் மாதாமாதம் அதே வேகத்தில் ஏறுகிற ஒன்றில் போட்டிருந்தால், ஐந்து வருடக் கடைசியில் சுமார் 9 லட்சத்து 50 ஆயிரம் இருக்கும். அதாவது, எல்லாம் நீ நினைத்தபடியே நடந்தாலும் கடன் வாங்கியதால் உனக்கு 60 ஆயிரத்துக்கு மேல் நஷ்டம். கடன் ஜெயிக்க வேண்டுமென்றால் கட்டணத்தையும் சேர்த்து வருடத்துக்கு 16 சதவீதத்தைத் தாண்டிய லாபம் வேண்டும். அதற்கு மேல் வருவதுதான் உனக்கு மிச்சம், அதிலும் வரி உண்டு.

இது நல்ல காலக் கணக்கு. இப்போது கடன் வாங்கிய ஆறாவது மாதம் உன் பங்குகள் 30 சதவீதம் இறங்கிவிட்டன என்று வை. தனித்தனிப் பங்குகளுக்கு இது ஒன்றும் அபூர்வமில்லை. 4,88,200 இப்போது 3 லட்சத்து 42 ஆயிரம். அதற்குள் நீ ஆறு தவணையில் சுமார் 70 ஆயிரம் கட்டியிருப்பாய். ஆனாலும் கடன் பாக்கி 4 லட்சத்து 64 ஆயிரம் நிற்கும். ஆரம்பத் தவணைகளில் பாதிக்குப் பாதி வட்டிக்கே போகும், அசல் அசைவதே தெரியாது. இருக்கிற பங்குகளை எல்லாம் விற்றாலும் கடனை அடைக்க 1 லட்சத்து 22 ஆயிரம் குறையும். முன்கூட்டி அடைப்பதற்குத் தனிக் கட்டணம் கேட்கிற வங்கிகளும் உண்டு.

"விற்கவே மாட்டேன், காத்திருப்பேன்" என்பாய். சொந்தக் காசில் வாங்கியவனுக்கு அது சரி. கடனில் வாங்கியவனுக்கு ஒவ்வொரு மாதமும் தேதி தவறாமல் தவணை வந்து நிற்கும். வேலை போனாலோ அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தாலோ எஸ்ஐபியை ஒரு மாதம் நிறுத்திவைக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். தவணையை நிறுத்த முடியாது. ஒரு தடவை திரும்பினால் அபராதம், அப்புறம் கடனை ஒழுங்காகக் கட்டுகிறாயா என்று காட்டும் சிபில் ஸ்கோர் இறங்கும். நாளைக்கு வீட்டுக் கடன் கேட்டு நீ வரும்போது என்னைப் போல ஒருத்திதான் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த நெருக்கடியில் நீ பங்கை விற்பாய், அதுவும் அது கீழே கிடக்கிற நாளில்.

எத்தனை நாள் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். ஐம்பது பெரிய நிறுவனப் பங்குகளின் குறியீடான நிஃப்டி 2008 ஜனவரியில் 6,280-ஐத் தாண்டி நின்றது. அதே வருடம் அக்டோபர் கடைசியில் ஒரு நாள் 2,600-க்கும் கீழே முடிந்தது. அந்த ஜனவரியில் ஐந்து வருடக் கடன் எடுத்து நிஃப்டியையே வாங்கிய ஒருவர் 2013 ஜனவரியில் கடைசித் தவணையைக் கட்டும்போது நிஃப்டி 6,000 பக்கம்தான் இருந்தது. நடுவில் 2010 நவம்பரில் ஒருமுறை பழைய உச்சத்தைத் தொட்டு இறங்கியது, அவ்வளவுதான். வட்டி முழுக்கக் கட்டியாயிற்று, போட்ட இடத்துக்குக்கூட விலை வரவில்லை. டிவிடெண்ட் கொஞ்சம் வந்திருக்கும், ஆனால் அந்த வட்டிக்கு முன்னால் அது எம்மாத்திரம்? அதே ஐந்து வருடம் மாதாமாதம் வாங்கியவருக்கு 3,000 விலையிலும் கொஞ்சம் கிடைத்திருக்கும்.

நீ எப்போதும் 2020-ஐக் காட்டுவாய். உண்மைதான், மார்ச் 23 அன்று 7,610-க்கு இறங்கிய நிஃப்டி நவம்பருக்குள் பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. மார்ச்சில் வாங்கியவர்கள் கையில் காசு வைத்திருந்தவர்கள். ஜனவரியில் கடனில் வாங்கியவனுக்கு அந்த எட்டு மாதம் எப்படிப் போயிருக்கும் என்று யோசி. பாதிச் சம்பளம் வாங்கியவர்கள் எத்தனை பேர்! ரிசர்வ் வங்கி தவணையை ஒத்திவைக்க அனுமதித்தபோதும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருந்தது.

இன்னொன்று. புரோக்கர் ஆப்பில், பங்கு வாங்க அவர்களே பணம் போடுகிற எம்டிஎஃப் என்று இருக்கிறதே, "அது லோன் இல்லக்கா, வசதி" என்றாய். வட்டி கேட்டால் அது கடன்தான். உன் 1 லட்சத்துக்கு அவர்கள் 3 லட்சம் போட்டு 4 லட்சத்துக்குப் பங்கு வாங்குகிறாய். விலை 10 சதவீதம் இறங்கினால் போவது 40 ஆயிரம், அது முழுக்க உன் 1 லட்சத்திலிருந்து. வட்டி தினக்கணக்கில் ஓடும். இன்னும் இறங்கினால் ஈடாக மேலும் பணம், அதாவது மார்ஜின், போடச் சொல்லிச் செய்தி வரும். போடாவிட்டால் அவர்களே விற்றுவிடுவார்கள். உன்னிடம் அனுமதி கேட்க மாட்டார்கள், கையெழுத்து ஏற்கெனவே போட்டாயிற்று. பர்சனல் லோனிலாவது எப்போது விற்பது என்று முடிவு செய்கிறவன் நீ.

ஒப்பந்தத்தைப் படித்தாயா என்றும் தெரியவில்லை. ஊக வணிகத்துக்கு இந்தப் பணத்தைப் பயன்படுத்த மாட்டேன் என்று பல வங்கிகள் எழுதி வாங்குகின்றன. நீ "சம்மதம்" என்று டிக் அடித்துவிட்டுப் போயிருப்பாய்.

அடுத்த மாதத்திலிருந்து அந்த 11,630-ஐக் கட்டும் தெம்பு உனக்கு இருக்கிறது என்றுதானே இந்தக் கடனுக்கே துணிந்தாய்? அப்படியானால் அதே தேதியில் அதே தொகைக்கு நிஃப்டி போன்ற குறியீட்டையே பின்பற்றும் ஓர் இண்டெக்ஸ் ஃபண்டில் எஸ்ஐபி போடு. ஆறு மாதம் தவறாமல் போட முடிகிறதா என்று பார். நடுவில் ஒரு மாதம் தடுக்கினாலும் உனக்கே விஷயம் தெரிந்துவிடும், சிபிலுக்குத் தெரியாது.

விண்ணப்பத்தில் ரெஃபரன்ஸ் என்று என் நம்பரைக் கொடுத்திருக்கிறாயாம், அம்மா சொன்னாள். வங்கியிலிருந்து கூப்பிட்டு எதற்குப் பணம் என்று கேட்டால் நான் வீட்டு மராமத்து என்று சொல்ல மாட்டேன். வேறு நம்பர் கொடுத்துக்கொள்.

அன்புடன்,
அக்கா