பினாங்குக்கு ஒரு போன் போடு, சாந்தி

அன்புள்ள சாந்திக்கு,

உன் மெயிலை நேற்று இரவுதான் படித்தேன். ஊபியில் குடோன் எடுத்து ஆறு மாதத்துக்குள் இத்தனை ரெஸ்டாரண்டுகளுக்கு மளிகை போடுகிறீர்கள் என்று கேட்க மனசு நிறைந்துவிட்டது. இங்கேயும் நல்ல செய்திதான். அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் முடிந்து, இப்போது வாக்கர் இல்லாமல் கீழே காப்பிக்கடை வரை போய் வருகிறார். சின்னவள் பாலிடெக்னிக்கில் சேர்ந்துவிட்டாள்.

பினாங்கு சப்ளையர் பேங்க் அக்கவுண்டை மாற்றிவிட்டார், இந்த வாரப் பணத்தைப் புது நம்பருக்கு அனுப்பச் சொல்கிறார் என்று கடைசியில் ஒரே வரியில் எழுதியிருந்தாயே, அதற்காகத்தான் காலையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். அந்தப் பணத்தை இன்னும் அனுப்பாதே. போன மார்ச்சில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் கம்பெனிக்குக் கோயம்புத்தூரிலிருந்து பம்ப் உதிரிபாகங்கள் வருகின்றன. ஒன்பது வருஷப் பழக்கம். 27,480 அமெரிக்க டாலர் இன்வாய்ஸ் ஒன்றுக்கு வெள்ளிக்கிழமை கெடு. வியாழன் மாலை 4.40க்கு அவர்களுடைய அக்கவுண்ட்ஸ் பெண் பெயரில் ஒரு மெயில். ஆடிட் நடக்கிறது, பழைய கணக்கில் வெளிநாட்டுப் பணம் வாங்க முடியாது, ஹாங்காங்கில் உள்ள எங்கள் கணக்குக்கு அனுப்புங்கள் என்று எழுதியிருந்தது. இன்வாய்ஸ் நம்பர் சரி, தொகை சரி. கீழே இரண்டு வாரமாக நாங்கள் பேசிக்கொண்ட மெயில்கள் அப்படியே இருந்தன. ஒரு பெட்டி நசுங்கி வந்ததைப் பற்றி நான் கேட்டதுகூட. லெட்டர்ஹெட், சீல், கையெழுத்தோடு ஒரு பிடிஎஃப் வேறு.

நான் சந்தேகப்படவில்லை, சாந்தி. பேங்க் தளத்தில் புதுக் கணக்கைப் போட்டு, முதலாளி அப்ரூவ் செய்ய வேண்டியதுதான் பாக்கி என்கிற வரைக்கும் போய்விட்டேன். ஆனால் எங்கள் ஆஃபீஸில் கணக்கு மாறினால் ஒரு ஃபாரம் நிரப்ப வேண்டும். ‘யாரிடம், எந்த நம்பரில் பேசினீர்கள்’ என்று அதில் ஒரு கட்டம். அதை நிரப்புவதற்காகத்தான் பழைய ஃபைலை எடுத்து, முதன்முதலில் அவர்களைச் சேர்த்தபோது வாங்கிய ஃபாரத்தில் இருந்த நம்பருக்கு அடித்தேன். அங்கே மதியம் இரண்டு மணி கடந்திருக்கும். அந்தப் பெண்ணே எடுத்தாள். “நாங்க எதையும் மாத்தலையே, அக்கா” என்றாள். எனக்குக் கை சில்லிட்டுப் போனது.

அப்புறம்தான் மெயில் முகவரியை எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். கம்பெனிப் பெயரில் pumps என்று வரும் இடத்தில் purnps என்று இருந்தது. r, n இரண்டும் ஒட்டி நின்றால் m போலத் தெரிகிறது. கைப்பேசியில் அதுவும் தெரியாது, அனுப்பியவர் பெயர் மட்டும்தான் தெரியும்.

அவர்கள் தங்கள் பக்கம் தேடினார்கள். அவளுடைய மெயில்பாக்ஸுக்குள் யாரோ புகுந்து, பணம் பற்றி வரும் மெயிலெல்லாம் வெளியே ஒரு முகவரிக்கும் தானாகப் போகும்படி செட் செய்து வைத்திருந்தார்கள். எங்கள் பேச்சை வாரக்கணக்கில் படித்துவிட்டு, கெடு நெருங்கும் நாளாகப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அவளுடைய முகவரியிலிருந்தே அனுப்பியிருந்தால் ஒரு எழுத்துகூடப் பிசகியிருக்காது. அதனால் முகவரியை உற்றுப் பார்ப்பதை மட்டும் நம்பாதே. ‘இது உண்மையா’ என்று பதில் மெயில் போடுவதும் வீண். அந்தப் பதில் திருடனுக்குத்தான் போகும், அவன் உண்மை என்றுதான் எழுதுவான்.

2024 ஜூலையில் இங்கே சிங்கப்பூரில் ஒரு சரக்கு வணிக நிறுவனத்தில் இப்படித்தான் நடந்தது. முகவரி லேசாக மாறியிருந்த ஒரு மெயிலை நம்பி, தீமோர் லெஸ்தேயில் உள்ள கணக்குக்கு 42.3 மில்லியன் அமெரிக்க டாலர் அனுப்பிவிட்டார்கள். உண்மையான சப்ளையர் பணம் வரவில்லை என்று சொன்ன பிறகுதான், நான்கு நாள் கழித்து, விஷயம் தெரிந்தது. போலீஸும் இன்டர்போலும் சேர்ந்து பெரும்பகுதியை மடக்கிவிட்டார்கள். எல்லாருக்கும் அப்படி அமையாது.

இப்போது உன் பினாங்கு விஷயம். அந்த மெயிலில் இருக்கும் நம்பருக்குப் போன் செய்யாதே, பிடிஎஃப் லெட்டர்ஹெட்டில் இருப்பதற்கும் வேண்டாம். சரக்கோடு லாரியில் வந்த பழைய டெலிவரி ஆர்டரின் கார்பன் காப்பியை எடு. அதில் 04 என்று தொடங்கும் ஆஃபீஸ் நம்பர் அச்சடித்திருக்கும். அதற்கு அடித்து அக்கவுண்ட்ஸில் இருப்பவரையோ முதலாளியையோ கேள். சேல்ஸ்காரர் “ஆமாம், இருக்கும்” என்று சொன்னால் போதாது, அவருக்குத் தெரிந்திருக்காது. அவர்களே உன்னைக் கூப்பிட்டு ‘கணக்கு மாறிவிட்டது’ என்று சொன்னாலும், வைத்துவிட்டு நீ திரும்ப அடி. இந்தத் திருடர்கள் போனும் செய்வார்கள்.

பேசும்போது புது நம்பரை நீ வாசித்து ‘இதுதானே?’ என்று கேட்காதே. வேலை அவசரத்தில் ‘ஆமாம்’ என்று வந்துவிடும். ‘கணக்கு மாற்றினீர்களா? எந்த பேங்க், நம்பர் சொல்லுங்கள்’ என்று கேள். அவர்கள் சொல்லச் சொல்ல நீ மெயிலோடு ஒத்துப் பார். பழைய கணக்கின் கடைசி நான்கு எண்ணையும் சொல்லச் சொல். கணக்கை மாற்றவே இல்லை என்றால், அவர்கள் மெயில்பாக்ஸைச் சோதிக்க வேண்டும் என்பதையும் அந்தப் போனிலேயே சொல்லிவிடு, மெயிலில் எழுதாதே.

நூறு வெள்ளி அனுப்பிப் பார்க்கலாமா என்று உன் வீட்டுக்காரர் கேட்பார். கேட்காத ஆளில்லை. அந்த நூறு வெள்ளி ஏதோ ஒரு கணக்குக்குப் போய்ச் சேர்ந்தது என்பதைத் தவிர அதில் ஒன்றும் தெரியாது. ‘வந்துவிட்டது, நன்றி’ என்று திருடனே மெயில் போடுவான். உள்ளூர் சப்ளையர் என்றால் யூஇஎன் நம்பரைப் போட்டு பேநௌவில் பார், அனுப்புவதற்கு முன்னால் பதிவான பெயர் வரும். உதவியான சோதனைதான். ஆனால் அதே மாதிரிப் பெயரில் இன்னொரு கம்பெனி இருக்கலாம், அதனால் போனை விட்டுவிடாதே.

நீங்கள் இரண்டே பேர்தான், ஆனாலும் ஒருவர் கணக்கை மாற்ற இன்னொருவர் அப்ரூவ் செய்யுங்கள். அப்ரூவ் செய்பவர் மெயிலைப் பார்க்க வேண்டாம். எந்த நம்பருக்கு, எத்தனை மணிக்கு, யாரிடம் பேசியது என்று நீ எழுதி வைத்த துண்டுச் சீட்டைப் பார்க்கட்டும். அது இல்லையென்றால் பழைய கணக்கும் வேண்டாம், புதுக் கணக்கும் வேண்டாம், பணம் நிற்கட்டும். இரண்டு நாள் தாமதமானால் சப்ளையர் கோபித்துக்கொள்வார், அவ்வளவுதான். தப்பான கணக்குக்குப் போனால் அவருடைய பாக்கி அப்படியே நிற்கும், நீ இரண்டாம் தடவை கட்ட வேண்டி வரும்.

ஏற்கெனவே ஏதாவது அனுப்பியிருந்தால் இந்தக் கடிதத்தை இங்கேயே வைத்துவிட்டு உடனே உன் பேங்குக்குப் போன் செய், அப்புறம் போலீஸ் ரிப்போர்ட். சந்தேகம் கேட்க 1799 இருக்கிறது, எந்த நேரமும் எடுப்பார்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் பிடிக்க வேண்டும், எல்லாம் மணிக்கணக்குதான்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அழைத்துக்கொண்டு தேக்கா வருகிறேன். சாயங்காலம் உன் குடோனைப் பார்க்க வேண்டும். பினாங்கில் யார் எடுத்தார், என்ன சொன்னார் என்று இன்றைக்கே எனக்கு ஒரு வரி போடு.

அன்புடன்,
கலா