பணிகள் நிலைக்குழு உறுப்பினர்களுக்கு, எங்க தெரு வடிகால் பத்தி

எங்க ஊர் மாநகராட்சி பணிகள் நிலைக்குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். போன மழைக்கு எங்க தெருவுல புது வடிகால் இருந்தும் வீட்டு வாசல்ல தண்ணி நின்னுச்சு, அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன்.

தெரு நீளம் 300 மீட்டர், கிட்டத்தட்ட சமமான தரை. 300 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவு வச்சாங்க, அது சரிதான். மேல் முனையில 60 சென்டிமீட்டர் ஆழம்னா கீழ் முனைக்கு வரும்போது 160 ஆயிடும். ஆனா அது போய் சேர்ற பெரிய வடிகாலோட அடிமட்டம் ரோட்டுல இருந்து 120 சென்டிமீட்டர்தான். அப்போ எங்க வடிகாலோட கடைசி பகுதி அதைவிட 40 சென்டிமீட்டர் பள்ளத்துல கிடக்கு, தண்ணி வெளிய போகாம தேங்கி நிக்குது, பெரிய வடிகால் நிறைஞ்சா அங்கிருந்தும் திரும்பி வருது. எஸ்டிமேட்டோட வர்ற லெவல் வரைபடத்துல இந்த ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தா அஞ்சு நிமிஷத்துல தெரியும்.

இதை மாமன்றத்துல பாக்க முடியாதுன்னு எனக்கும் தெரியும். சென்னையையே எடுத்துக்கோங்க, 200 வார்டு கவுன்சிலர்கள் உக்காந்து ஒரே கூட்டத்துல நிறைய தீர்மானத்தை எடுக்கறப்போ ஒரு தெருவோட லெவலை யார் பிரிச்சு பாப்பாங்க? அதுக்குத்தானே அங்க கணக்கு, கல்வி, பொது சுகாதாரம், வரி நிதி, நகரமைப்பு, பணிகள்னு வேலையை 6 நிலைக்குழுவா பிரிச்சு வச்சிருக்காங்க. காசு எந்த நிதியில இருந்துன்னு நிதிக்குழு கேக்கட்டும், வேலை நடந்தா பலன் கிடைக்குமான்னு கேக்க வேண்டியது நீங்கதான். முடிவெடுக்கற அதிகாரம் மன்றத்துக்குத்தான், ஆனா நீங்க ‘பரிந்துரைக்கப்படுகிறது’ன்னு எழுதிட்டா மன்றத்துல அதை யாரும் திரும்ப திறந்து பாக்கறதில்ல.

எங்க தெரு ஃபைல் எப்படி போச்சுன்னு விசாரிச்சேன். பொருள் கூட்டத்தன்னைக்கு காலையிலதான் உங்க கைக்கு வந்திருக்கு, தலைப்பும் தொகையும் மட்டும் இருந்த ஒரு பக்கம், வரைபடம் இல்ல. நடவடிக்கை குறிப்புல ஒரு கேள்விகூட பதிவாகல. சில வேலை இன்னும் மோசம், டெண்டர் முடிஞ்சு பள்ளம் தோண்டின பிறகு பின்னேற்புக்கு வருது, அப்போ நீங்க என்ன கேட்டும் பிரயோஜனம் இல்ல. உங்க மேல எனக்கு கோபம் இல்ல, ஒரு பக்கத்தை வச்சுக்கிட்டு யாராலயும் ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது. ஆனா வரைபடம் எங்கேன்னு கேட்டு ஃபைலை திருப்பி அனுப்பியிருக்கலாமே, அடுத்த கூட்டத்துக்கு தள்ளியிருந்தா ஒரு மாசம் லேட் ஆகியிருக்கும், அவ்வளவுதான். இப்போ அதை உடைச்சு மறுபடி கட்டணும்.

அடுத்த மாசம் எங்க பின் தெரு வடிகால் உங்க குழுவுக்கு வருதுன்னு கேள்விப்பட்டேன். அதுவும் அதே பெரிய வடிகால்லதான் சேருது. ஒரு வாரம் முன்னாடியே வரைபடத்தை கேட்டு வாங்குங்க, கடைசி முனை அடிமட்டம் எவ்வளவு, சேர்ற வடிகாலோட அடிமட்டம் எவ்வளவுன்னு இன்ஜினியரை கேளுங்க, அவர் சொல்ற பதிலை அப்படியே குறிப்புல எழுத வைங்க.

இப்படிக்கு,
தண்ணி நின்ன தெருவுல குடியிருக்கிற ஒருத்தர்